வாடகை வீட்டில் மாவு அரைத்து விற்க மாநகராட்சி உரிமம்: மேல் வீட்டாரின் தூக்கமும் சேர்த்து

கேள்வி: கோவையில் வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறோம். இரண்டு வருடமாக இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்துக்கும் மூன்று மளிகைக் கடைகளுக்கும் கொடுக்கிறேன். 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர் இரண்டு. தினமும் 40 கிலோ மாவு, கிலோ 50 ரூபாய். காலை ஆறு மணிக்குக் கடைகளுக்குப் போக வேண்டும் என்பதால் விடியற்காலை மூன்றரைக்கே அரைக்கத் தொடங்குவேன். மாடியில் இருக்கும் வீட்டு உரிமையாளர் தூக்கம் கெடுகிறது என்கிறார். பக்கத்து வீட்டில் சாக்கடை நாற்றம் என்கிறார்கள். போன வாரம் மாநகராட்சியிலிருந்து வந்தவர் தொழில் உரிமம் எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். உத்யம் பதிவும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் இருக்கின்றன. அது போதாதா? வீட்டிலேயே இதைத் தொடர முடியுமா?
— வாசகி, கோவை

பதில்: அவை போதாது, அம்மா. உத்யம் என்பது நீங்கள் ஒரு குறுந்தொழில் நடத்துகிறீர்கள் என்பதற்கான மத்திய அரசுப் பதிவு. வங்கிக் கடனுக்கும் சலுகைகளுக்கும் உதவும். உணவுப் பாதுகாப்புப் பதிவு நீங்கள் விற்பது உணவு என்பதற்காக. இந்த இடத்தில், இத்தனை குதிரைத்திறன் மோட்டார் வைத்து, இந்தத் தொழிலைச் செய்யலாம் என்று சொல்வது மாநகராட்சியின் தொழில் உரிமம் மட்டுமே. அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் தொழில் வரியும் வேறு. அந்த ரசீதைக் காட்டி உரிமம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். 2023 ஏப்ரல் 13 முதல் தமிழகத்தின் எல்லா மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கும் 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் 2023 விதிகளும்தான் பொருந்தும். கோவையும் அதற்குள்தான் வருகிறது.

தொடர முடியும். ஆனால் விண்ணப்பத்திலிருந்து தொடங்காதீர்கள். ஆய்வுக்கு வருபவர் வீட்டுக்குள் பார்ப்பதோடு போய்விட மாட்டார். சாக்கடையைப் பார்ப்பார், மாடியில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பார். அந்த நேரத்தில் அவர் வாயிலிருந்து “மூன்றரை மணி” என்று வந்துவிட்டால் உங்கள் கோப்பு அங்கேயே நின்றுவிடும். அதனால் முதலில் சத்தம், பிறகு தண்ணீர், அதன் பிறகு காகிதம்.

இரைச்சல் கட்டுப்பாட்டு விதிகள் 2000இன்படி பகல் என்பது காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. மூன்றரை மணிக்கு ஊரே அடங்கிக் கிடக்கும்போது இரண்டு கிரைண்டர் ஓடினால் 45ஐத் தாண்டாமல் இருப்பது கஷ்டம். எத்தனை மெத்தை போட்டாலும் அந்த நேரத்தை உங்களால் நியாயப்படுத்த முடியாது. ஆகவே அரைக்கும் நேரத்தை மாற்றுங்கள். மற்ற ஏற்பாடுகளெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

உங்கள் அளவுக்கு இது எப்படி அமையும் என்று பார்ப்போம். ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் ஏறத்தாழ மூன்று கிலோ மாவு வரும். 40 கிலோ மாவுக்கு 13 கிலோ அரிசி, மூன்றேகால் கிலோ உளுந்து. உளுந்து பொங்கும் என்பதால் அதற்கு இரண்டு ஈடு, அரிசிக்கு நான்கு ஈடு. ஆக மொத்தம் ஆறு ஈடு, ஒரு கிரைண்டருக்கு மூன்று. ஈடுக்கு 35 நிமிடம், இடையில் வழிப்பதும் கழுவுவதும் சேர்த்தால் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். காலை ஒன்பதரைக்கு அரிசி ஊறப் போடுங்கள், பன்னிரண்டே முக்காலுக்கு உளுந்து. இரண்டு மணிக்கு அரைக்கத் தொடங்கினால் ஐந்துக்குள் எல்லாம் ஓய்ந்துவிடும். மதியம் இரண்டு மணிக்கு மாடியில் யாராவது படுப்பார்களா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வயதானவர் இருந்தால் மூன்றிலிருந்து ஐந்தரை என்று தள்ளிக்கொள்ளலாம்.

“சத்தம் குறையட்டும்” என்று ஒரு கிரைண்டரை நிறுத்திவிட்டு ஒன்றை மட்டும் ஓட்டுபவர்கள் உண்டு. இதனால் பயனில்லை. ஒரே மாதிரி இரண்டு எந்திரத்தில் ஒன்றை நிறுத்தினால் குறைவது 3 டெசிபல்தான், காதுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் அரைக்கும் நேரம் இரட்டிப்பாகும். இரண்டையும் சேர்த்து ஓட்டிச் சீக்கிரம் முடிப்பதே மாடியில் இருப்பவருக்கு நல்லது.

அப்படியானால் காலை ஆறு மணிக்குக் கடைக்குக் கொடுக்கும் மாவு புளித்துப் போகாதா என்று கேட்பீர்கள். புளிக்கும், குளிர்விக்கும் முறை தவறினால். பெரிய அண்டாவோடு மாவை ஃப்ரிட்ஜில் வைத்தால் ஓரம் குளிர்ந்தாலும் நடுவில் இருக்கும் மாவு வெதுவெதுப்பாகவே கிடந்து இரவு முழுக்கப் பொங்கும். காலையில் மேலே நல்ல மாவு, நடுவில் புளிச்ச மாவு. அதனால் ஐந்து மணிக்கு அரைத்து முடித்ததும் உப்புப் போட்டுக் கரைத்து, ஒரு கிலோ பொட்டலமாகவோ ஐந்து கிலோவுக்கு மிகாத அகலமான டப்பாக்களிலோ பிரித்துவிட்டு, அதன் பிறகே உள்ளே வையுங்கள். டப்பாக்களுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். உளுந்து அரைக்கும்போது குளிர்ந்த தண்ணீர் தெளித்தால் மாவு சூடேறாமல் வரும். அதுவே புளிப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடும். இந்த மாவு கடைக்குப் போகும்போது புளிக்காத மாவாக இருக்கும். வாங்குபவர் வெளியே எடுத்து வைத்துப் புளிக்க வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அக்கம்பக்கத்துக்காரர்கள் மாலை ஐந்தரைக்கே வந்து வாங்கிக்கொண்டால் ஃப்ரிட்ஜில் இடமும் மிஞ்சும்.

நேரம் மாறிய பிறகும் மிஞ்சும் சத்தத்துக்கு மருந்து வேறு. கிரைண்டர் ஓடும்போது சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுவர் அதிர்வது கையில் தெரிந்தால், மாடிக்குப் போவது காற்று வழியாகப் போகும் சத்தமில்லை, தரையும் சுவரும் கடத்தும் அதிர்வு. ஜன்னலைச் சாத்துவதால் இது குறையாது. கிரைண்டரைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, 20 முதல் 25 மில்லிமீட்டர் கனமுள்ள ரப்பர்த் துண்டுகளை நான்கு காலுக்கும் அடியில் கொடுங்கள். ஸ்பாஞ்சு, பழைய மெத்தைத் துண்டு எல்லாம் வேண்டாம். எடையில் அமுங்கி எந்திரம் ஆடும், முன்பைவிடச் சத்தம் கூடும். சாய்த்து மாவு எடுக்கும்போது கால் ரப்பரைவிட்டு நகர்ந்துவிடும் என்பதால், ரப்பருக்கு மேல் ஒரு தடித்த பிளைவுட் பலகை போட்டு அதன்மேல் கிரைண்டரை நிறுத்தி, பலகையின் ஓரத்தில் சிறு கட்டை அடித்துவிடுவது நல்லது. தரைமட்டமும் பாருங்கள். ஒரு கால் தூக்கிக்கொண்டு நின்றால் தடதடவென்ற சத்தம் அதிலிருந்துதான் வரும். கீச்சென்று இழுத்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. கல்லோடு கல் உரசும் கரகரப்பு கேட்டால் தண்ணீர் போதவில்லை, அல்லது குழவியின் புஷ் தேய்ந்துவிட்டது. கை வைத்த இடத்தில் அதிர்வே இல்லாமல் சத்தம் மட்டும் கேட்டால், அப்போது மாடிப்படிப் பக்கத்து ஜன்னலை அரைக்கும் நேரத்தில் சாத்தினால் போதும்.

இனி சாக்கடை. நாற்றத்துக்குக் காரணம் அழுக்கு இல்லை, அரிசி களைந்த தண்ணீரில் இருக்கும் மாவுச்சத்து. 13 கிலோ அரிசியை மூன்று முறை களைந்தால் நூறு லிட்டருக்கு மேல் வெள்ளைத் தண்ணீர் போகிறது. ஓட்டமில்லாத சாக்கடையில் அது தேங்கி, கோவை வெயிலில்கூட ஒரே நாளில் புளித்துவிடும். முதல் களைநீரில்தான் சத்து அதிகம். அதை ஒரு பீப்பாயில் பிடித்து மாடு வைத்திருப்பவருக்குக் கொடுக்கலாம். அப்படி யாரும் இல்லையென்றால் நான்கைந்து மணி நேரம் அசையாமல் விடுங்கள். மாவு அடியில் படிந்துவிடும். மேல் தண்ணீரைச் செடிக்கோ சாக்கடைக்கோ விட்டுவிட்டு, அடிமண்டியை மட்கும் குப்பையோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம். பீப்பாயை மறுநாள் வரை வைத்தால் அதுவே நாறும், கொசுவும் வரும். கிரைண்டரைக் கழுவும்போது முதலில் கரண்டியால் நன்றாக வழித்துவிட்டு, ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் விட்டு அலசி அதை மாவிலேயே சேர்த்துவிடுங்கள். வீட்டில் செய்வதுதானே. கழுவும் இடத்தின் வாய்க்காலில் நுண்ணிய கண் உள்ள சல்லடை ஒன்றைப் பொருத்தினால் உளுந்துத் தோலும் அரிசியும் தெருவுக்குப் போகாது.

இதையெல்லாம் செய்து ஒரு வாரம் ஓட்டிவிட்டு மாடிக்குப் போங்கள். ஒரு டப்பா மாவோடு போக வேண்டாம். குறையைச் சரி செய்யாமல் கொடுக்கும் இலவச மாவு, வாயை அடைக்கக் கொடுத்தது போலத்தான் தெரியும். “இனி மதியம் இரண்டிலிருந்து ஐந்துக்குள்தான் அரைப்பேன், ஞாயிற்றுக்கிழமை அரைக்க மாட்டேன், அதையும் மீறிச் சத்தம் கேட்டால் அந்த நேரத்தைக் குறித்து எனக்குச் சொல்லுங்கள்” என்று சொன்னால் போதும். பக்கத்து வீட்டிலும் அப்படியே. கடைக்குப் போகும் வண்டி காலை ஆறு மணிக்கு வந்து கேட்டுக்கு முன்னால் ஹாரன் அடிப்பதும் ஒரு புகாராக உள்ளே இருக்கும், நீங்கள் எழுதவில்லை என்றாலும். வண்டி வந்ததும் போனில் ஒரு மிஸ்டு கால், உங்கள் வாசலை ஒட்டியே நிறுத்துவது, மூன்று கடைக்கும் சேர்த்து ஒரே நடை. அவ்வளவுதான்.

உரிமையாளரிடம் கேட்க வேண்டியது வெறும் பொறுமை அல்ல, எழுத்தில் சம்மதம். வாடகை ஒப்பந்தம் குடியிருக்க மட்டும் என்று இருந்தால், அவருடைய சம்மதக் கடிதம் இல்லாமல் உரிம விண்ணப்பம் நகராது. அவர் தயங்கினால் அந்தத் தயக்கத்துக்கு மூன்று காரணம் இருக்கும்: வீட்டுக்குச் சொத்து வரி கூடுமோ, மின் இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்றிவிடுவார்களோ, நாளை காலி செய்யச் சொன்னால் தொழிலைக் காட்டி மறுப்பீர்களோ. மூன்றுக்கும் கடிதத்திலேயே பதில் இருக்கட்டும். “வீட்டின் பின்பக்க அறை, 10க்கு 12 அடி, 120 சதுர அடி மட்டும் மாவு அரைக்கப் பயன்படும், அதனால் சொத்து வரி கூடினால் அந்த வித்தியாசம் குடியிருப்பவரைச் சேரும், தனி மின் இணைப்பு எடுத்துக்கொள்வார், வாடகைக் காலம் முடிந்தால் தொழிலைக் காரணம் காட்டித் தங்கமாட்டார்” என்று இருவரும் கையெழுத்திடுங்கள். அறையின் அளவை உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி அளந்து எழுதுங்கள்.

இந்த 120 சதுர அடியை விண்ணப்பத்திலும் அப்படியே எழுத வேண்டும். பலர் பரப்பளவு என்று கேட்டதும் முழு வீட்டின் அளவையும் போட்டுவிடுகிறார்கள். தொழிலின் வகை, பரப்பு, மோட்டார் திறன் ஆகியவற்றை வைத்துத்தான் கட்டணம் என்பதால் அதிகம் கட்ட நேரும். அதைவிடப் பெரிய சிக்கல், முழு வீடும் வணிகப் பயன்பாடு என்று காகிதத்தில் ஆகி, சொத்து வரி மறுமதிப்பீட்டுக்கு அதுவே சாட்சியாகிவிடும்.

மின்சாரத்தை விட்டுவிடாதீர்கள், வீட்டுத் தொழிலில் பெரிய அடி இங்கேதான் விழும். இப்போது வீட்டு இணைப்பில் அரைக்கிறீர்கள். வீட்டுக் கட்டணத்தில் வாங்கிய மின்சாரத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆம் பிரிவில் அனுமதியற்ற பயன்பாடு. எப்போதிலிருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் 12 மாதங்களுக்கு, பொருந்தும் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கேட்பார்கள். அந்தப் பில் வருவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. அதாவது உங்கள் வீட்டு உரிமையாளருக்கு. அரைக்கும் அறை சுவரும் கதவுமாகத் தனியே இருந்து, அதற்குத் தனி வயரிங்கும் இருந்தால் உரிமையாளர் சம்மதத்துடன் தனி இணைப்புக் கேட்கலாம். ஒரு குதிரைத்திறன் 746 வாட். உங்கள் கிரைண்டர் தகட்டில் தலா ஒரு குதிரைத்திறன் என்று இருந்தால் இரண்டும் சேர்ந்து ஒன்றரை கிலோவாட், ஃப்ரிட்ஜும் விளக்கும் சேர்த்து இரண்டரைக்குள் அடங்கும். உத்யம் சான்றை இணைத்து, குடிசை மற்றும் குறுந்தொழிலுக்கான III-A(1) கட்டணப் பிரிவில் கேட்டு விண்ணப்பியுங்கள். ஒன்றும் கேட்காமல் விட்டால் வணிகப் பிரிவான V-இல் போட்டுவிட வாய்ப்புண்டு. ஈரத் தரையில் நின்று வேலை செய்கிறீர்கள் என்பதால் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் ஒன்றை அந்த அறைக்கு வைக்கச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியனிடம் ஆர்சிசிபி என்றால் புரியும்.

இவை கையில் வந்த பிறகு உரிம விண்ணப்பம் எளிது. tnurbanepay.tn.gov.in தளத்தில் கோவை மாநகராட்சியைத் தேர்ந்தெடுத்துப் புதிய தொழில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம், அல்லது உங்கள் வார்டு எந்த மண்டலத்தில் இருக்கிறதோ அந்த மண்டல அலுவலகத்தில் கொடுக்கலாம். அடையாளச் சான்று, வாடகை ஒப்பந்தம், சம்மதக் கடிதம், நடப்பு அரையாண்டு வரை சொத்து வரி கட்டிய ரசீது, தொழில் வரி ரசீது, உணவுப் பாதுகாப்புப் பதிவு ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். சொத்து வரி பாக்கி இருந்தால் உரிமையாளரிடம் சொல்லி முதலில் கட்டச் சொல்லுங்கள். அது உங்கள் பாக்கி இல்லை என்றாலும் உங்கள் விண்ணப்பம்தான் நிற்கும். ஜிஎஸ்டி பற்றிக் கவலை வேண்டாம். 40 கிலோ, 50 ரூபாய், மாதம் 26 நாள் என்றால் வருடத்துக்கு ஆறேகால் லட்சம். அந்த வரம்புக்கு வெகு கீழே இருக்கிறீர்கள்.

திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்களில் பெரும்பாலும் குறை ஒன்றுதான்: ஒரு காகிதம் சொல்வதை இன்னொரு காகிதம் சொல்லாது. உணவுப் பாதுகாப்புப் பதிவில் பழைய கதவு எண், சொத்து வரியில் புதிய எண். உத்யமில் “உணவு வியாபாரம்”, விண்ணப்பத்தில் “மாவு அரைத்தல்”. மின் இணைப்பில் ஒரு குதிரைத்திறன், உரிமத்தில் இரண்டு. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் இரண்டு பதிவுகளையும் எடுத்து, சொத்து வரி ரசீதில் உள்ள கதவு எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். வேறுபட்டால் விண்ணப்பத்துக்கு முன்பே அவற்றைத் திருத்திவிடுங்கள். இரண்டும் இணையத்திலேயே திருத்தக்கூடியவை. தொழிலின் பெயரை எல்லாவற்றிலும் “இட்லி, தோசை மாவு தயாரித்தல்” என்றே வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் திறனைக் கிரைண்டரின் தகட்டைப் பார்த்து எழுதுங்கள், கடைக்காரர் வாய்வழியாகச் சொன்னதை அல்ல.

சுகாதார ஆய்வாளர் வரும்போது மூடியுள்ள குப்பைத்தொட்டி, தண்ணீர்த் தொட்டியின் மூடி, கழுவும் இடத்துச் சல்லடை, தரையிலிருந்து உயர்த்தி அடுக்கிய அரிசி மூட்டை ஆகியவை கண்ணில் படும்படி இருக்கட்டும். அரைக்கும் அறையில் துணி காயப்போட வேண்டாம். அரைக்கும் நேரத்தையும் களைநீருக்குச் செய்த ஏற்பாட்டையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அவரிடம் கொடுங்கள். உங்கள் மேல் ஏற்கெனவே புகார் பதிவாகியிருந்தால் அந்தத் தாள்தான் கோப்பில் உங்கள் பதிலாக நிற்கும். நோட்டீஸ் ஏதாவது வந்தால் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அதில் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். புகார் மாநகராட்சியோடு நிற்க வேண்டும் என்பதும் இல்லை. பொதுத் தொல்லை என்று கோட்டாட்சியரிடம் போனால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் தொழிலையே நிறுத்தச் சொல்லி உத்தரவு வரலாம். அங்கே தொழில் உரிமத்தைக் காட்டினால் மட்டும் தப்ப முடியாது, சத்தமும் நாற்றமும் இப்போது இல்லை என்று காட்ட வேண்டும்.

உரிமம் வந்ததும் அறையில் கண்ணாடி போட்டு மாட்டுங்கள். அதில் அச்சிட்டிருக்கும் முடிவு தேதிக்கு ஒரு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். கிரைண்டர் ஒன்று கூடினாலோ, 20 லிட்டருக்கு மாறினாலோ, அதே உரிமம் செல்லாது, திறனை மாற்றி எழுதி வாங்க வேண்டும். மாவோடு முறுக்கு, அதிரசம் என்று அடுப்பு ஏறும் வேலையைச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் அது வேறு தொழில் வகை. வீட்டு 14.2 கிலோ சிலிண்டரை அதற்குப் பயன்படுத்தக் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான் எடுக்க வேண்டும். மாடி வீட்டுக்கு எண்ணெய்ப் புகையும் ஏறும் என்பதால், அதை இந்த விண்ணப்பத்தில் இப்போது சேர்க்காமல் மாவுக்கு மட்டும் உரிமம் வாங்கிக்கொள்ளுங்கள்.